கண்டவாறே பாடினரா?

சங்கப் புலவர் இயற்கையைக் கண்டவாறே பாடினர் என்னும் கூற்றைக் குறிஞ்சிப்பாட்டைக்கொண்டு ஆராய்க என்று யான் மாணாக்கனாயிருந்த காலத்தில் ஒரு பரீட்சையில் வினா வந்தது. மனப்பாடம் கைகொடுக்க, கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் நினைவிலிருந்தவற்றையெல்லாம் வரைந்து, "ஆகவே கூற்று உண்மையே" என முடித்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஆசிரியர், "ஆராய்ச்சி எங்கே?" என்று மட்டும் குறித்திருந்தார். மதிப்பெண் சொல்லத் தக்கதன்று.

2018-ஆம் ஆண்டு கொடைக்கானல் சென்றிருந்தேன். அது பன்னீராண்டுக்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு. மலைச்சரிவில் நின்றபோது அப்பழைய வினா நினைவுக்கு வந்தது. கபிலரின் வரிசையில் குறிஞ்சியும் உண்டு. ஆனால் ஞாழலும் தாழையும் புன்னையும் உண்டே! அவை கடற்கரைச் சோலைக்குரியவையல்லவா? ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் அவற்றை யார் பறிப்பது? கபிலர் பாடியது இதனினும் தாழ்ந்த ஒரு மலையாயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நெய்தல்நிலத்துப் பூக்களை ஒரு தலைவியும் தோழியும் ஒரே பொழுதில் மலைச்சாரலில் கொய்து பாறையிற் குவித்தனர் என்பது கண்ட காட்சியாகாது.

அங்ஙனமாயின் கூற்று பொய்யோ? அதுவுமன்று. மலர் வரிசையை விட்டு அதன் முன்பகுதியைப் பார்க்கவேண்டும். பரண்மேலிருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளை ஒலித்துத் தினையில் வீழும் கிளிகளை ஓட்டுகின்றனர், மழை பெய்கிறது, அருவியில் நெடும்பொழுது ஆடி, கண்கள் சிவக்க, கூந்தலின் நீரைப் பிழிகின்றனர். நீராடிய கண் சிவத்தலை ஏட்டிற் படித்து எழுதியவர் அறிதல் அரிது. பழனிமலைத் தலைவன் பேகனையும் பாடிய கபிலர் மலைவாழ்வு அறியாதவரல்லர்.

மலையை இவ்வளவு அறிந்தவர் புன்னையை ஏன் அங்கே வைத்தார்? தொல்காப்பியம் விடை தருகிறது. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் வேறு நிலத்தில் வரினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது அதன் விதி. ஆதலின் இது கபிலரின் பிழையன்று. புலநெறி வழக்கு இசைந்தது. இடர்ப்படுவது கூற்றிலுள்ள ஏகாரம் ஒன்றே. "கண்டவாறே" என்னும் தேற்றத்தைப் புன்னை ஒன்றே தகர்த்துவிடுகிறது. அன்று யான் அந்த ஏகாரத்தைப் பார்க்கவேயில்லை. வினாவைத் தலைப்பாகக் கொண்டு தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.

இன்று அத்தாள் கைக்கு வந்தால், "குறிஞ்சிப்பாட்டில் செயல்கள் கண்டவாறு அமைந்தன, மலர் வரிசை மரபு தந்த உரிமையால் அமைந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே எழுதி, சிவந்த கண்ணை ஒருபுறமும் புன்னையை மறுபுறமும் சான்றாக நிறுத்துவேன். தொண்ணூற்றொன்பதில் மூன்று பூக்களே போதும். மீதி தொண்ணூற்றாறும் எனக்கு இன்னும் மனப்பாடமாயிருக்கின்றன என்பது வேறு கதை.