மாமனார் கையில் நாவல்பழம்!

வயதானவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அங்கங்கே நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி ஊதாத் திட்டுகள் இருக்கும். 'எங்கே இடிச்சுக்கிட்டீங்க?' என்று கேட்டால், 'இடிக்கவே இல்லையே!' என்பார்கள். பொய்யில்லை. கதவு லேசாக உரசியது, பேரன் கையைப் பிடித்து இழுத்தது... இதெல்லாம் இடித்த கணக்கில் வருமா என்ன?

என் மாமனாருக்கு வயது 76. அவர் கையில் இப்படி ஐந்தாறு திட்டுகள் தோன்றியதும், எதிர் வீட்டு அம்மாள் என் மாமியாரைத் தனியே கூப்பிட்டு, 'என்ன... வீட்டுல ஏதாவது சண்டையா?' என்று கேட்டுவிட்டாள். மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதைச் சிரித்து மறந்துவிடலாம். சிரிக்க முடியாதது அடுத்து வந்தது. வாக்கிங் நண்பர் ஒருவர், 'உங்க ரத்தம் தண்ணியாயிடுச்சு சார், ஹார்ட் மாத்திரையை நிறுத்துங்க' என்று சொல்லிவிட்டார். மாமனார் போன் பண்ணினார். 'மாப்ளே, நாளையிலேர்ந்து அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்திடலாம்னு இருக்கேன்.'

மாரடைப்பு வந்து 2023-ல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அவர்! 'டாக்டரைக் கேக்காம ஒண்ணையும் நிறுத்தாதீங்க மாமா, வந்துட்டேன்' என்று பஸ் ஏறினேன்.

'வீட்டுல இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. டானிக், களிம்பு, வெளிநாட்டுல இருந்து வந்தது, எதையும் விடாதீங்க' என்றார் டாக்டரம்மா. ஒரு மஞ்சள் பை நிறைய வந்தது. பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் டாக்டர் எழுதித் தந்தவை, வலது பக்கம் யாரும் எழுதித் தராதவை.

இடது பக்கம் கொஞ்சம்தான். பி.பி. மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, பிறகு அந்தக் கேப்ஸ்யூல். 'ஒரே கேப்ஸ்யூல்தானே' என்று மாமனார் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இருந்தது இரண்டு மருந்து: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம்.

வலது பக்கம் நீளமாகப் போயிற்று. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், நியூஜெர்ஸியிலிருந்து மைத்துனன் அனுப்பிய மீன் எண்ணெய், யாரோ சிபாரிசு செய்த பூண்டுக் கேப்ஸ்யூல், அரிப்புக்கு இரண்டு வருஷமாகக் கையில் தடவி வந்த ஒரு களிம்பு. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது. தினமும் தடவினால் தோலை மெலிய வைக்கும்.

டாக்டரம்மா முதலில் பார்த்தது பையை அல்ல, கையை. வெளிப்பக்கம் முழுக்கத் திட்டு. திருப்பினால் உட்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 'அரைக்கைச் சட்டை போட்டு சைக்கிள்ல ஆபீஸ் போனீங்களா?' என்றார். முப்பது வருஷம்! மாமனார் ஜோசியரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

விஷயம் இதுதான். தோலுக்குள் கொலாஜன் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்களுக்கு அதுதான் மெத்தை. வயது ஆக ஆக மெத்தை மெலிகிறது. வெயில் பட்ட இடத்தில் இன்னும் வேகமாக. மெத்தையில்லாத குழாய் லேசான உரசலுக்கே உடைந்து, ரத்தம் தோலுக்கடியில் பரவுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் மங்கும். சில இடங்களில் பழுப்புக் கறை தங்கிவிடும்.

இது குழாய் உடைகிற கதை. உடைந்ததை அடைக்க ஓடி வருபவை ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள். முதலில் வந்தது 'வாங்கடா!' என்று குரல் கொடுக்க, மற்றவை வந்து ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின் அந்தக் குரலை அடைத்துவிடுகிறது. அதுவும் தற்காலிகமாக இல்லை. அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை. க்ளோபிடோக்ரெல் இன்னொரு வழியை அடைக்கிறது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பதும் இதே வேலைதான். அதனால்தான் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மறுபடி மாரடைப்பு வரலாம். கையில் திட்டா, நெஞ்சில் அடைப்பா என்று கேட்டால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

ரத்தப் பரிசோதனையில் தட்டணு 2,10,000 வந்தது. ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை சாதாரணம்தான். 'அப்போ ரத்தத்துல ஒரு குறையும் இல்லையே?' என்றேன். டாக்டரம்மா சிரித்தார். 'ரிப்போர்ட்ல இருக்கிறது எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு மட்டும்தான். எத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு அதுல தெரியாது.' ஆபீஸ் போகிற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை!

மீன் எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். அட்டையில் '1000 மில்லிகிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால், வேலை செய்யும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300-தான். மீதியெல்லாம் மற்றக் கொழுப்பு. அந்த 300-ம் தட்டணுவின் குரலைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். தினம் 4 கிராம் சுத்தமான இ.பி.ஏ. மருந்து கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. அதிலேயே கடுமையான ரத்தக்கசிவு மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2.7 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 2.1 பேருக்கும்தான் வந்தது. ஆகவே மீன் தனியாக வந்தால் பெரிய குற்றவாளி இல்லை. ஏற்கெனவே ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள் டைக்ளோஃபெனாக், பூண்டு ஆகியோருடன் கோஷ்டியாக நுழைவதுதான் வம்பு. சமையலில் போடும் பூண்டைப் பற்றிப் பயமில்லை. கேப்ஸ்யூலில் அடைத்ததைப் பற்றித்தான் பேச்சு.

தீர்ப்பு வந்தது. வலது பக்கம் முழுவதும் ரத்து. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் பாரசிட்டமால். (ஆஸ்பிரினோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம், கைத்திட்டைவிட அதுதான் ஆபத்து.) இடது பக்கக் கேப்ஸ்யூல் மட்டும் இதய டாக்டரின் மேஜைக்குப் போயிற்று. இரட்டை மருந்தைப் பொதுவாக ஒரு வருஷம் வரைதான் தருவார்களாம். அவர் பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்து, 'இனி ஆஸ்பிரின் மட்டும் போதும். அதை விடாதீங்க' என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதமாகிறது. திட்டுகள் குறைந்திருக்கின்றன, மறையவில்லை. மெலிந்த தோல் திரும்பத் தடித்து வராது. முழுக்கைச் சட்டை, குளித்ததும் தேங்காய் எண்ணெய், கட்டிலின் கூர்முனையில் பழைய துணி. இவ்வளவுதான் வைத்தியம்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? கையை விட்டு முதுகு, வயிறு, முகம் என்று காரணமில்லாமல் திட்டு வந்தால், காலில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காமல் வந்தால், சிறுநீர் சிவந்தால், மலம் தார் மாதிரி கறுத்தால். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால், 'ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். உள்ளே கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வெளிநாட்டு மைத்துனன்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பார்சலில் பாதாம் அனுப்புங்கள். கேப்ஸ்யூல் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், அப்பாவின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்!