சென்னை பதினேழு, பி ஃபார் பாம்பே

போனில் சொன்ன முகவரி தப்பாகப் பதிவானால் சிக்னல் மேல் பழி போடுகிறோம். பாதிப் பழி அதற்குச் சேரும்தான். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. வெட்டுப்பட்ட ஒலி கத்தினாலும் திரும்பாது. அதனால் உரக்கச் சொல்வதைவிட, ஒவ்வொரு தகவலையும் இரண்டு வழியில் சொல்வதுதான் உதவும் என்பது என் கட்சி.

பழைய எண் 9, புதிய எண் 50-பி, தி.நகர், சென்னை 600017 என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறையில் எழுதும் வரிசையிலேயே சொன்னால், எதிராளி பேனா தேடும் நேரத்தில் கதவு எண் போய்விடும். பின்கோடிலிருந்து தொடங்கலாம்: "ஆறு, சைபர், சைபர்... சைபர், ஒண்ணு, ஏழு. சென்னை பதினேழு, தி.நகர்." இலக்கத்தில் பிசகினால் ஊர்ப்பெயர் காட்டிக்கொடுக்கும். அடுத்தது கதவு எண். பேச்சில் ஒன்பது 'ஒம்பது' ஆகிறது, ஐம்பது 'அம்பது' ஆகிறது; முதல் எழுத்து மங்கினால் இரண்டும் ஒன்றுதான். "புதுசு அம்பது, அஞ்சு சைபர். பழசு ஒம்பது, ஒத்தை இலக்கம்" என்றால் குழப்பத்துக்கு இடமில்லை.

எழுத்துக்கு வருவோம். பி, டி, இ, ஜி, வி எல்லாம் ஒரே 'ஈ' ஓசையில் முடிவதால் முதல் மெய் தேய்ந்தால் போச்சு. "பி ஃபார் பாலு" என்று சொல்லிப் பயனில்லை. தமிழில் 'ப' ஒன்றே என்பதால் கேட்பவர் ஆங்கிலத்தில் எந்த எழுத்தையும் போடலாம். பாம்பே, டெல்லி, சேலம், மதராஸ் போன்ற ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து பலகைகளில் பார்த்துப் பழகியது. பாம்பேயும் மதராஸும் பெயர் மாறியும் இந்த வேலையில் நீடிப்பது அதனால்தான். ராணுவ பாணியில் ஆல்ஃபா, பிராவோ சொல்வதில் தவறில்லை, ஆனால் கூரியர் கடைப் பையனுக்கு அது பழக்கமில்லை என்றால் "பிராவோ தெருவா?" என்பார்.

இப்படிப் பிரித்துச் சொன்னால் எதிராளியை மட்டம் தட்டுவது போல ஆகாதா என்று கேட்கலாம். எல்லா எழுத்துக்கும் செய்தால் ஆகும். சந்தேகம் வரக்கூடிய எழுத்துக்கு மட்டும் செய்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கடைசியில் "எழுதிட்டேன் சார்" என்ற பதிலை நம்பாமல், "ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க" என்று கேட்பது அவசியம். நாமே மறுபடி சொன்னால் அவர் எழுதியது நமக்குத் தெரியாது.

வாட்ஸாப்பில் லொகேஷன் அனுப்பினால் போதாதா? வாசல் வரை வருவதற்குப் போதும். ஒரே கட்டடத்தில் 50-ஏ, 50-பி இரண்டும் இருந்தால், பார்சலை எந்தக் கதவில் கொடுப்பது என்று வரைபடப் புள்ளி சொல்லாது.