மலிவு என்னும் சொல்

இளமையில் சில மாத காலம், எங்கள் ஊர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கும் கடிதமும் எழுதும் உத்தியோகத்தில் நான் இருந்தபோது, தீபாவளிக்கு முன் ஊரெங்கும் விநியோகிப்பதற்காக ஒரு துண்டுப் பிரசுரம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. 60-ஆம் நம்பர் நூலில் நெய்த எட்டு கஜச் சேலை எங்கள் சரக்கு. விலை 14 ரூபாய். அதே ரகத்துக்குக் கடைத்தெருவில் 17, 18 என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. ஆகையால் சற்றும் தயங்காமல், ‘மலிவான சேலைகள் வந்துள்ளன’ என்று முதல் வரியை எழுதி, அச்சுக்கூடத்துக்கு அனுப்புமுன், சங்கத்தின் காரியங்களைக் கவனித்து வந்த முதிய நெசவாளர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

தறியில் அறுந்துபோன இழையைப் பிணைத்துக்கொண்டிருந்த அவர், அந்த வேலை முடியும் வரையில் பேசவில்லை. பிறகு, “தம்பி, இந்தச் சேலையை ஒரு பெண்பிள்ளை தீபாவளியன்று கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள் அல்லவா? பக்கத்தில் நிற்கிறவள், ‘இது மலிவான சேலைதானே’ என்று கேட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்? அந்த வார்த்தையை நாமே எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?” என்றார். அவர் இலக்கணம் கற்றவர் அல்லர். ஆனால் ஒரு சொல் வாக்கியத்தை விட்டு வெளியேறி, யார் யார் வாயில் புகுந்து, யாரைச் சென்று தாக்கும் என்பதை அவர் அந்த ஒரு கணத்தில் கண்டுகொண்டார்.

மலிவு என்பது பிறப்பில் இழிந்த சொல் அன்று. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல் என்றே பழைய நூல்களில் பொருள். செல்வம் மலிந்த நகர் என்றால் அது புகழ்ச்சி. விளைச்சல் பெருகினால் விலை இறங்குவது சந்தையின் இயல்பாகையால், பெருக்கத்தைக் குறித்த சொல் காலக்கிரமத்தில் விலைக்குறைவையும் குறிக்கலாயிற்று. இன்றும், ‘கத்தரிக்காய் மலிந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், காயைப் பற்றி அதில் ஒரு குறையும் தொனிப்பதில்லை. பருவமழை நன்றாகப் பெய்தது என்ற சந்தோஷமே தொனிக்கிறது. ஆனால் அதே சொல்லைக் கையால் செய்த ஒரு பொருளுக்கு அடையாக வைக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. நெய்த சேலையும் இழைத்த நாற்காலியும் மழையால் பெருகுவதில்லை. ஆகவே அவற்றின் விலை குறைந்திருந்தால், நூலிலோ மரத்திலோ, அல்லது செய்தவனுடைய உழைப்பிலோ ஏதோ குறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பவர் மனம் தானாகவே அனுமானம் செய்துகொள்கிறது. சேலைக்கு ஏற்படும் களங்கம் அந்த அனுமானத்தால் வருவதே.

இதில் சொல்லைக் காட்டிலும், சொல் வாக்கியத்தில் நிற்கும் ஸ்தானமே பெரிது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். ‘மலிவான சேலை வாங்கினாள்’ என்பதையும் ‘சேலையை மலிவாக வாங்கினாள்’ என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் மலிவு சேலையின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை வாங்கியவளின் மேலும் படிகிறது. இரண்டாவதில் அது வாங்கிய செயலைத் தழுவி நிற்பதால், வாங்கியவள் சாமர்த்தியசாலி ஆகிறாள். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளியவர்களும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டாரே, அத்தகைய வெளியீடுகளை ‘மலிவுப் பதிப்பு’ என்று சொல்லுவதில் நூலுக்கு எவ்வித அகௌரவமும் இல்லை. ஏனெனில் அங்கே மலிவு பதிப்பைச் சார்ந்தது. ‘மலிவு நூல்’ என்று சொல்லிவிட்டாலோ, நூலின் உள்ளடக்கமே தாழ்ந்துபோகிறது.

மலிவை நீக்கிய பின் வேறு எந்தச் சொல்லை அங்கே இடுவது என்ற ஆலோசனை அன்று மாலை வரையில் நடந்தது. ‘சகாய விலை’ என்று எழுதலாமா என்றேன். சகாயம் என்றால் உதவி. அந்தச் சொல் வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரின் தயாளத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. நாங்கள் உபகாரம் செய்கிறோம், நீங்கள் பெற்றுக்கொள்ளுகிறீர்கள் என்று அது மறைவாகச் சொல்லுகிறது. ‘நியாய விலை’ என்பது கொடுக்கல் வாங்கலின் தர்மத்தைப் பேசுவது. கம்பீரமான சொல்தான், ஆனால் எங்களைத் தவிர மற்றக் கடைக்காரர்கள் அநியாயம் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அது கூடவே அழைத்து வந்துவிடும். ‘குறைந்த விலை’ யாரையும் நோக்கவில்லை. தராசு முள்ளைப் போல நடுவில் நின்றது. இறுதியில், ‘கட்டுபடியாகும் விலை’ என்ற பிரயோகம் எங்கள் நினைவுக்கு வந்தது. அது சேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், வாங்குபவரின் கைப்பொருளோடு விலையைப் பொருத்திப் பார்க்கிறது.

அதிலும் ஓர் ஆபத்து இருந்ததை முதியவர் கவனித்தார். “அந்த விலைக்கு எங்களுக்குக் கட்டுபடியாகாது” என்று வியாபாரிகளும் அன்றாடம் சொல்லுகிறார்களே. யாருக்குக் கட்டுபடியாகும் என்பதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், அந்தச் சொல் விற்பவர் பக்கமும் சாயக்கூடும். ஆகவே நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்து, விலை குறைந்ததற்கு உண்மையான காரணத்தையும் முன்னால் வைத்து, ‘இடையில் தரகர் இன்றிச் சங்கமே நேரில் விற்பதால், 60-ஆம் நம்பர் நூல் சேலை எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுபடியாகும் விலையில், 14 ரூபாய்க்குக் கிடைக்கும்’ என்று முடித்தோம். காரணத்தைச் சொன்னதும், நூலில் குறையோ உழைப்பில் குறையோ என்ற அனுமானத்துக்கு வழி அடைபட்டுவிட்டது.

சொல்லின் சக்தியில் மயங்கிப்போன நான், சில நாட்களுக்குப் பின் அதைத் தகாத இடத்தில் பிரயோகிக்க முற்பட்டேன். சாயம் சரியாக ஏறாத சேலைகள் கொஞ்சம் தேங்கியிருந்தன. துவைத்தால் கரை நிறம் உடலில் இறங்கும். அவற்றுக்கும் ‘எல்லோருக்கும் கட்டுபடியாகும் சேலைகள்’ என்று அட்டை எழுதி வைத்தேன். முதியவர் அதைத் திருப்பி வைத்துவிட்டு, “சாயம் சற்றுப் போகும், அதனால் 9 ரூபாய்” என்று எழுதச் சொன்னார். நல்ல சரக்கின் மேல் விழும் வீண் சந்தேகத்தை நீக்குவது வேறு, குறையுள்ள சரக்கின் மேல் விழவேண்டிய சந்தேகத்தை மறைப்பது வேறு. முன்னதைச் செய்த அதே சொல் பின்னதையும் செய்யவல்லது என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த அட்டையைப் படித்து, கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு நடுத்தர வயது அம்மாள் இரண்டு சேலைகள் எடுத்துக்கொண்டாள். வாசலில் காத்திருந்த மகளிடம், “வீட்டில் கட்டத்தானே, ரொம்ப மலிவாகக் கிடைத்தது” என்று அவள் பெருமையோடு சொன்னது எங்கள் காதில் விழுந்தது. நாங்கள் விற்பவராக இருந்து சொல்லத் தயங்கிய அந்தச் சொல், வாங்கியவள் வாயில் அவ்வளவு நிறைவாக ஒலித்தது. முதியவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, மறுபடியும் தறிக்குழியில் இறங்கினார்.