வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. வங்கியில் வேலை அப்படி. இன்றைக்கு எழுதப்போவது வங்கிக் கதை இல்லை, கடைக் கதை. அதில் நானும் கொஞ்சம் வருகிறேன்.

போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாயில் வருவதென்னவோ பழைய பெயர்தான்) அபர்தீன் பஜாரில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவரைச் சேர்த்து கடையில் ஐந்து பேர். கீழக்கரைப் பக்கத்துப் பெரிய பாய், சின்ன பாய், ஒரு வங்காளத் தம்பி, பில் போடும் ராஞ்சிக்காரப் பெண். அந்தமானில் இப்படி ஒரே கடையில் மூன்று மதம், மூன்று மொழி என்பது சர்வ சாதாரணம்.

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கல்லாவுல ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம் கொறையுது. நீங்க ஒருதடவ எண்ணிப் பாருங்க." போய் எண்ணினேன். குறையத்தான் செய்தது. வங்காளத் தம்பி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். மதியம் கல்லாவில் இருந்தவன் அவன் மட்டும்தான்.

'மட்டும்' என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. மற்றவர்கள் எங்கே? விசாரித்தால், பாய்கள் இருவரும் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார்கள். ராஞ்சிப் பெண் சாப்பிடப் போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துத் தீவுப் படகு வந்து, மூட்டை மூட்டையாகச் சாமான் கேட்டுக் கூட்டம். பில், பணம், சாமான் மூன்றையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறான். எங்கள் வங்கியில் பெட்டகச் சாவியைக்கூட ஒருவரிடம் கொடுக்க மாட்டார்கள். தப்பு நடந்தால் அது திருட்டா, கைப்பிழையா என்று கண்டுபிடிக்கவே இரண்டாவது ஆள் வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க எங்க இருந்தீங்க?"

"ஒங்க பேங்க்லதான்!"

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளி தவறாமல் பன்னிரண்டு பத்துக்குப் பணப்பையோடு எங்கள் வரிசையில் நிற்பவர் அவர். ஏன் அந்த நேரம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அது முடியாமல் பணத்தை வெளியே எடுக்க மாட்டார். முடியும் நேரத்தில் பாய்கள் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். வாராவாரம் கடையைக் காலி செய்தவர்களில் முதலாளியும் ஒருவர்!

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் பாய்களிடம் கேட்டேன், எந்தத் தொழுகையைத் தள்ளலாம், எதைத் தள்ள முடியாது என்று. பெரிய பாய் விளக்கினார். மற்ற நாள் லுஹர் தொழுகைக்கு உச்சி சாய்ந்ததிலிருந்து அஸர் வரை நேரம் உண்டு. கூட்டம் குறைந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் போகலாம், பத்து நிமிஷ வேலை. ஜும்மா அப்படியில்லை. குத்பாவும் ஜமாத்தும் சேர்ந்ததுதான் ஜும்மா. அதைத் தவறவிட்டவர் பிறகு தனியாக லுஹர்தான் தொழ முடியும், ஜும்மா தொழ முடியாது. முகூர்த்தம் மாதிரி, நேரம் போனால் போனதுதான். போய்வர ஐம்பது நிமிஷமாவது வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்குத்தான் போகணுமா பாய்?"

"யாரு சொன்னா? ஒண்ணுல பன்னெண்டுக்குக் குத்பா. இன்னொண்ணுல பன்னெண்டு அம்பதுக்கு. பழக்கத்துல சேர்ந்தே போறோம்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவர்களிடம் இதைக் கேட்டதே இல்லை. பெரிய பாய் 11.40க்குக் கிளம்பி 12.30க்குத் திரும்புவது, அதன் பிறகு சின்ன பாய் கிளம்புவது என்று முடிவானது. சின்ன பாய் மட்டும் முகம் சுளித்தார். அவர் கூட்டாளிகள் எல்லாம் முதல் பள்ளிக்குப் போகிறவர்கள். அதனால் வாரம் ஒருவர் முறை மாற்றிக்கொள்வது என்று தீர்ந்தது.

மிச்சம் இருந்தது அண்ணாச்சியின் ராகு காலம். அதைத் தொடலாமா என்று எனக்கே தயக்கம். ஆனால் கணக்கு வேறு கதை சொன்னது. ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வெள்ளிக்கு நாலாவது பங்கு. ஆறு மணி உதயம் என்று வைத்தால்தான் பத்தரை–பன்னிரண்டு வரும். நம் இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 92.7க்குப் பக்கத்தில். பாகைக்கு நாலு நிமிஷம் வீதம் இங்கே சூரியன் நாற்பது நிமிஷம் முந்துகிறது. நவம்பர் முதல் வாரத்தில் உதயம் ஐந்தே கால் வாக்கில், அஸ்தமனம் ஐந்துக்கு முன்பே. நாலாவது பங்கு முடிவது பகலின் சரிபாதியில், அதாவது 11.05 சுமாருக்கு. பிப்ரவரியில்கூட 11.35ஐத் தாண்டாது.

"என்ன தம்பி சொல்லுதீய? காலண்டர்ல பன்னெண்டுன்னு போட்டிருக்கே!"

"அது ஊர்ல அச்சடிச்ச காலண்டர் அண்ணாச்சி. இங்க உதிக்கிற சூரியனுக்கு அது தெரியாது."

அவர் என் பேச்சை நம்பவில்லை. கோயில் குருக்களிடம் போய்க் கேட்டார். இருக்கிற ஊர் உதயத்தை வைத்தும் பார்க்கலாம் என்று குருக்கள் சொன்ன பிறகுதான் மனசு வந்தது. (ஆறு மணிக் கணக்கே போதும் என்பவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்த முடியாது. அவர்கள் வியாழனன்றே பணம் கட்டிவிடலாம்.) இதில் வேடிக்கை என்னவென்றால், பகலின் சரிபாதி என்பது உச்சிப்பொழுது. பள்ளிவாசல் அட்டவணையில் லுஹர் தொடங்குவதும் அதையொட்டித்தான். ராகு விட்ட இடத்தில் லுஹர் ஆரம்பம்! பெரிய பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இப்போது அண்ணாச்சி ராகு காலம் முடிந்த கையோடு வங்கிக்கு வந்து, பாய் கிளம்புவதற்குள் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறார். பிப்ரவரி மாதிரி உச்சி தள்ளிப்போகும் வாரங்களில் பணத்தை வியாழனன்றே கட்டிவிடுகிறார். ராஞ்சிப் பெண்ணுக்கும் தம்பிக்கும் சாப்பாடு ஒன்றரைக்கு மேல். எந்த நேரமும் மூன்று பேர்: ஒருவர் பில், ஒருவர் பணம், ஒருவர் சாமான்.

சாயங்காலம் இன்னொரு சிக்கல். மஃரிப்புக்கு நேரம் குறைவு, அஸ்தமனத்திலிருந்து செவ்வானம் மறையும் வரைதான். அண்ணாச்சி விளக்கேற்றுவதும் அதே நிமிஷம். விளக்கு வைத்துவிட்டால் கொஞ்ச நேரம் கையிலிருந்து காசு கொடுக்க மாட்டார், சில்லறைகூட! அலுவலகம் விட்ட கூட்டம் வேறு. விளக்கைப் பத்து நிமிஷம் முந்தி ஏற்றச் சொன்னோம். சில்லறையைத் தம்பி கொடுப்பான். அஸ்தமனம் ஆனதும் ஒரு பாய் பின்கட்டுக் கிடங்கில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு வருவார், பிறகு மற்றவர். இதற்குக் கடிகார நேரம் எழுதி ஒட்டக் கூடாது. ஜூலையில் அஸ்தமனம் ஐந்தே முக்காலுக்குப் போய்விடும். மாதம் ஒருமுறை தாளை மாற்ற வேண்டும்.

இந்தத் தாளுக்குப் பரீட்சை 2025 ஏப்ரல் 18, புனித வெள்ளி. ராஞ்சிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று வரை தேவாலயத்தில் ஆராதனை. அதே நேரம் ஜும்மா. வங்கி விடுமுறை என்பதால் அண்ணாச்சி எங்கும் போகவில்லை, பில் போட உட்கார்ந்தார். ஒரு பாய் போக ஒரு பாய் இருக்க, மூன்று பேர் கணக்கு சரியாக வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் இடித்திருக்கும். ஐந்து பேர் கடையில் அவ்வளவுதான் முடியும்.

அந்த ஆயிரத்து எண்ணூறு கடைசிவரை கிடைக்கவில்லை. வங்கியென்றால் காசாளர் கையிலிருந்து போடவேண்டும். அண்ணாச்சி தம்பி சம்பளத்தில் பிடிக்கவில்லை. "அன்னைக்கு அவனத் தனியா விட்டது நான்தான தம்பி" என்றார்.

போன வாரம் கடைக்குப் போனேன். சுவரில் ஊர்க் காலண்டர், பள்ளிவாசல் அட்டவணை, சர்ச் காலண்டர் மூன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவில் என் கையெழுத்தில் அந்தத் தாள். அடுத்த மாதத்துக்கு மாற்றித் தரச்சொல்லி அண்ணாச்சி தொல்லை. கட்டணமாக ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டேன் :)