நாலு மாஸ்டர்மார் ஒரு ஃபிளாட் வாங்கிய கதையும், யூனிட் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை ஒரு தம்பி எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கொழும்பில் கட்டடம் ஒன்று எழும்புகிறதாம், ஆளுக்கு ஐந்து இலட்சம் போட்டால் மாதாமாதம் வாடகை வருமாம், வட்டி இல்லையாம், முழுக்க ஹலாலாம். "மாஸ்டர், இதுக்குப் பேர்தான் ரீட்" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறோம். ரீட் என்பது வேறு, அவர் கொண்டுவந்தது வேறு. அந்த வித்தியாசம் எங்களுக்குப் பட்டுத்தான் விளங்கியது.

2016இல் நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து தெஹிவளையில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்று வாங்கினோம். விலை ஒரு கோடி அறுபது இலட்சம், ஆளுக்கு நாற்பது. ஒருவர் வயல் விற்றார், ஒருவருக்குக் கட்டாரிலிருந்து தம்பி அனுப்பினார், மற்ற இருவரும் சீட்டையும் சேமிப்பையும் உடைத்தோம். பேங்கில் போட்டு வட்டி எடுக்க நாலு பேருக்கும் மனமில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஒரு பேர்ச் காணிக்குக் கேட்கிற விலை உங்களுக்குத் தெரியும். அதனால் கொழும்பு வாடகை நல்ல யோசனையாகப் பட்டது.

வாடகை 55,000. வருடத்துக்கு ஆறு இலட்சத்து அறுபதாயிரம் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டோம். கையில் வந்தது அதுவல்ல. ஆள் மாறும்போது வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தது, அதில் 55,000 போனது. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000. குழாய், பெயின்ட், தரகர் என்று இன்னொரு 47,000. மிஞ்சியது நாலரை இலட்சம். ஆளுக்கு 1,12,500. நாற்பது இலட்சம் போட்டவருக்கு அது வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. 2022இல் ஐந்து மாதம் ஆளே கிடைக்கவில்லை. அந்த வருடக் கணக்கை எழுத வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிறகுதான் வந்தது. எங்களில் ஒருவருக்கு மகளின் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண்பிள்ளைக்கு வீடு வேண்டும். அவருக்குத் தன் கால் பங்கு காசாக வேண்டும். எங்கள் மூவரிடமும் வாங்கிக்கொள்ளக் காசில்லை. உறுதியில் பிரிக்காத கால் பங்கை வெளியார் யார் வாங்குவார்? அந்தப் பங்குக்கு ஒரு கதவும் கிடையாது, ஒரு ஜன்னலும் கிடையாது. கடைசியில் முழு ஃபிளாட்டையும் விற்க வேண்டியதாயிற்று. ஆள் தேடி, விலை பேசி, உறுதி முடிக்கப் பதினொரு மாதம் போனது. அவர் மகளின் வீடு அதுவரை கூரையில்லாமல் நின்றது.

அந்த நாட்களில் கோலாலம்பூரில் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர்தான் அல்-அகார் என்ற பெயரைச் சொன்னார். மலேசியாவில் கேபிஜே என்ற தனியார் மருத்துவமனைக் குழுமம் இருக்கிறது. அதன் ஆறு மருத்துவமனைக் கட்டடங்களை ஒரு நிதியத்தின் சொத்தாக்கி, அந்த நிதியத்தைச் சின்னச் சின்ன யூனிட்களாகப் பிரித்து, 2006 ஆகஸ்டில் மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். பங்குச் சந்தைக்கு வந்த உலகின் முதல் இஸ்லாமிய ரீட் அதுதான். மருத்துவமனை வாடகை கட்டுகிறது. செலவு போக மிஞ்சுவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரிகிறது. ஒருவருக்கு அவசரமென்றால் தன் யூனிட்களைச் சந்தையில் விற்றுவிட்டுப் போகலாம். மற்றவர்களிடம் கேட்கவும் வேண்டாம், கட்டடத்தை விற்கவும் வேண்டாம். எங்கள் நண்பருக்குத் தேவைப்பட்டது இதுதான்.

அது ஹலாலா என்பதற்கும் அங்கே எழுதிய விதி இருக்கிறது. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழு 2005இல் இஸ்லாமிய ரீட்டுக்கென்றே வழிகாட்டல் போட்டது. வட்டி வங்கி, மதுக்கடை, சூதாட்டம் போன்ற ஆகாத தொழில்களிலிருந்து வரும் வாடகை மொத்தத்தில் 20 வீதத்தைத் தாண்டக்கூடாது. வாடகைக்கு இருப்பவர் எல்லாரும் அப்படிப்பட்டவர்களென்றால் அந்தக் கட்டடத்தையே வாங்கக்கூடாது. கடனும் இஸ்லாமிய முறையில், காப்புறுதியும் தகாஃபுலில். அந்த 20 வீதம் ஏன், பூச்சியமாக இருக்கக்கூடாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். பெரிய கடைத்தொகுதியில் ஒரு வங்கிக் கிளையாவது இருக்கும் என்பதால் அங்குள்ள அறிஞர்கள் வைத்த எல்லை அது. ஏற்பதா இல்லையா என்பதை நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து இல்லையென்று சொல்ல வரவில்லை. அல்-அகாருக்கு வாடகை கட்டுவது பெரும்பாலும் அந்த ஒரே குழுமம்தான். அது தடுமாறினால் நிதியமும் தடுமாறும். எங்கள் ஃபிளாட்டில் ஒரே ஆள் இருந்ததைப் போலத்தான். ஆகவே எந்த ரீட்டைப் பார்த்தாலும், வாடகை எத்தனை பேரிடமிருந்து வருகிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள்.

இன்னொன்று, யூனிட்டின் விலை ஆடும். நாங்கள் வட்டி எடுக்காவிட்டாலும் சந்தையில் மற்றவர்கள் எடுக்கிறார்கள், விலையை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். 100 ரூபாய் யூனிட் ஒன்று வருடம் 6 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். 2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது ஞாபகம் இருக்கும். அப்படியொரு காலத்தில் நூற்றுக்கு 12 கிடைத்தால்தான் வாங்குவேன் என்று ஆட்கள் நிற்பார்கள். 6 ரூபாய் தரும் யூனிட்டுக்கு அவர்கள் கொடுக்கும் விலை 50தான். வாடகை ஒரு சதமும் குறையவில்லை, கட்டடம் அப்படியே நிற்கிறது, ஆனால் அன்று விற்பவருக்குப் பாதிக்காசுதான். மகள் கலியாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போடக்கூடாது என்பது அதனால்தான்.

இங்கிருந்து மலேசிய யூனிட் வாங்க ஓடாதீர்கள். வெளிநாட்டு முதலீட்டுக்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. உண்டியலில் அனுப்புவது அதைவிட மோசம். நமது பிணையங்கள் ஆணைக்குழுவும் 2020இல் ரீட்டுக்கான விதிகளை வெளியிட்டது. பட்டியலிட்ட ரீட் என்றால் அதன் பெயர் கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலில் இருக்கும். தரகர் நிறுவனம் ஒன்றில் சிடிஎஸ் கணக்கு திறந்து, அதற்குள்தான் வாங்குவீர்கள். யாருடைய கையிலும் காசு கொடுக்க மாட்டீர்கள்.

இன்னும் எழும்பாத கட்டடம் என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தியாவின் சட்டத்தில் ரீட் சொத்தில் குறைந்தது 80 வீதம் கட்டி முடித்து வாடகை வந்துகொண்டிருக்க வேண்டும். பிரிக்கக்கூடிய பணத்தில் 90 வீதத்தை யூனிட்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 2019இல் அங்கே முதலாவதாக வந்த எம்பசி ரீட் இந்த விதிக்குள்தான் வந்தது. தூண் மட்டும் நிற்கும் கட்டடத்திலிருந்து அடுத்த மாதமே "வாடகை" வருகிறதென்றால், அது புதிதாகச் சேர்ந்தவரின் காசாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டோம். சந்தைப் பட்டியலில் என்ன பெயரில் இருக்கிறது? கட்டடத்தின் உறுதியை எங்களுக்காகப் பிடித்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் யார்? இப்போது அதில் வாடகைக்கு இருப்பது யார்? "நாளைக்கு டொக்கியுமென்ட் கொண்டு வாறன் மாஸ்டர்" என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். இன்றோடு எட்டு நாள்.

உங்கள் பக்கம் வந்தால், எங்கள் டொக்கியுமென்ட் எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள்.