பத்திரத்தில் ஒரு ‘ஷை’

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். “இந்த ‘ஷை’ யாருண்ணே? வரிக்கு வரி வருது, ஆனா பேரு மாதிரி தெரியலையே” என்று கேட்டிருந்தார். பெரியாற்றுப் பாசனத்தில் இருக்கிற இரண்டு நன்செய் நிலங்களைப் பற்றிய பத்திரம் அது.

இப்படி வருகிறபோது வடிவத்தைப் பார்த்துப் பெயர் தேடுவதைவிட, அது நிற்கிற இடத்தைப் பார்ப்பதே நல்லது. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும், இடம் மாறாது. அந்தப் படத்தில் அந்தக் குறி வந்த இடங்களையெல்லாம் வெட்டி, வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதற்குப் பின்னால் ‘ஊர்’, ‘நிலம்’, ‘நம்பர்’ என்று ஒரு பெயர்ச்சொல். அந்தச் சொல்லோ அதற்கு முன்பே ஒருமுறை முழுதாக எழுதப்பட்டிருந்தது. ஆக, அது ஆள் இல்லை. ௸, அதாவது ‘மேற்படி’. எழுத்து வடிவம் ஒத்திருப்பதால் ‘ஷை’ என்றே வாசித்து, அப்படியே தட்டச்சும் செய்கிறார்கள்; இன்றைய பத்திரங்களிலும் ‘ஷை சொத்து’ என்று பார்க்கலாம்.

தலைப்பில் இருந்த தேதி இன்னொரு சோதனை. ‘விபவ’வுக்குப் பின் ளு மாதிரி ஒரு குறி, ‘தை’க்குப் பின் மீ மாதிரி ஒன்று, 12க்குப் பின் உ மாதிரி ஒன்று. வருடம் ௵, மாதம் ௴, நாள் ௳. முத்திரைத்தாள் விற்றவர் போட்டிருந்த ஆங்கிலத் தேதியோ 1929 ஜனவரி. விபவ வருஷத் தை 12 அதில்தான் விழுகிறது, ஆகவே வாசிப்பு சரி. உச்சியில் தனியே நின்ற உ பிள்ளையார் சுழி. கணக்கு வரியில் அதே உருவம் வந்தால் அது இரண்டு, ௨. மூன்றையும் பிரித்துக் காட்டுவது இடம் ஒன்றுதான்.

பெயரை உறுதிசெய்ய யூனிகோடின் தமிழ் அட்டவணை போதும். U+0BF3 முதல் U+0BFA வரை எட்டுக் குறிகள்: நாள், மாதம், வருடம், பற்று ௶, வரவு ௷, மேற்படி, ரூபாய் ௹, எண் ௺. நம் குறியின் பெயர் அங்கே TAMIL AS ABOVE SIGN. சில எழுத்துருக்களில் வெறும் கட்டமாகத் தெரியும், அப்போது எழுத்துருவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆனால் குறியின் பெயர் தெரிந்தும் நண்பரின் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. இரண்டு நிலங்களைச் சொன்ன பிறகு ‘௸ நிலம்’ என்று ஒருமையில் எழுதினால் எது? குறி அதைச் சொல்லாது. செக்குபந்தியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வரியில் கிழக்கெல்லை வாய்க்கால் என்று இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் கிழக்கே வாய்க்கால், அது பின்னால் சொல்லப்பட்ட சிறிய வயல்.