கண்ணாடியில பட்டா அவுட்டா?

மொட்டை மாடி கிரிக்கெட் ஆடினவங்களுக்கு தெரியும், பந்து தரையில குத்தாம நேரா எதிர் சுவத்துல பட்டா அவுட். எங்க தெருவுல அதுக்கு அடிதடியே நடந்திருக்கு. அதே சண்டை ஜெர்மனி வரைக்கும் துரத்திட்டு வரும்னு நினைக்கலை மக்களே.

இங்க ஸ்டுட்கார்ட்ல படிப்புக்கு நடுவுல பேடல் ஆடப் பழகியிருக்கேன். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுத்தி கண்ணாடியும் கம்பி வலையும். ரெண்டு ரெண்டு பேரா ஆடணும். எதிராளி பக்கம் அடிக்கிற பந்து முதல்ல தரையில குத்தணும். அப்புறம் கண்ணாடியில பட்டுத் திரும்பினா ஆட்டம் தொடரும், ரெண்டாவது தடவை தரையைத் தொடறதுக்குள்ள அவங்க எடுத்து அடிக்கலாம். குத்தாம நேரா கண்ணாடியிலயோ வலையிலயோ பட்டா அடிச்சவனுக்கு பாயிண்ட் போச்சு. ஆனா நம்ம பக்கத்துக் கண்ணாடியில நாமே அடிச்சு, பந்தை அந்தப் பக்கம் அனுப்பலாம், அது தப்பில்லை. (டென்னிஸ் ஆடினவங்க இதைப் பாத்து முழிப்பாங்க.)

போன சனிக்கிழமை செட்டோட கடைசி கேம், 40-40. அடுத்த பாயிண்ட் எடுக்கறவங்களுக்கே செட்னு பேசி வச்சிருந்தோம். எதிர்ல என் லேப்ல இருக்கிற ரெண்டு ஜெர்மன் பசங்க. ஒருத்தன் பந்தை உயரமா தூக்கினான். அது என் தலைக்கு மேல போய் பின் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னாடி இறங்குச்சு. ரெண்டு சத்தம் ஒட்டி ஒட்டி கேட்டுச்சு. திரும்பி வந்த பந்தை நெஞ்சு உயரத்துல கையில பிடிச்சுக்கிட்டு "அவுட்"னு கத்திட்டேன். அம்பயர் கிடையாது, எங்க பக்கம் விழுந்த பந்துக்கு எங்க வார்த்தைதான். அவனுங்களும் தலையாட்டிட்டு கை குடுத்துட்டுப் போயிட்டானுங்க.

ராத்திரி சோறு வடிக்கும்போதுதான் உறைச்சுது. எந்த சத்தம் முன்னாடின்னு காது சொல்லாது. ஆனா பந்து கடைசியா எதுல பட்டுச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில முதல்ல பட்டிருந்தா, மேலேர்ந்து இறங்கற பந்து அப்படியே கீழ போய், தரையில குத்திட்டுதான் என் கைக்கு வந்திருக்கணும். இது கண்ணாடியை விட்டு மேல் நோக்கி நேரா என் கைக்கு வந்துச்சு, நடுவுல தரையே இல்லை. அப்படின்னா தரையில குத்தி எழும்பறப்பதான் கண்ணாடியில பட்டிருக்கு. நல்ல பந்து!

கூட ஆடின மதுரைக்கார அண்ணன்கிட்ட சொன்னேன். "விடு தம்பி, முடிஞ்சு போச்சு"ன்னாரு. எனக்குத்தான் தூக்கம் வரலை. திங்கக்கிழமை லேப்ல போய் சொன்னேன். அவன் சிரிச்சுட்டு, "எனக்கு அப்பவே தெரியும்"னான். அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு.

இந்த சனிக்கிழமை அதே 40-40ல இருந்து ஒரே ஒரு பாயிண்ட் திரும்ப ஆடினோம். நான் ஓங்கி ஒண்ணு விட்டேன். நேரா போய் அவனுங்க கண்ணாடியில பட்டுச்சு :-(